நோன்புக் காப்பு கட்டுவதும் அவிழ்ப்பதும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் மாமனார் ஊரில் மாரியம்மன் நோன்புக்கு எனக்கும் காப்புக் கட்டப்போகிறார்கள். எப்போது கட்டி எப்போது அவிழ்ப்பார்கள்? நடுவில் நூல் அறுந்தாலோ, துக்கச் செய்தி வந்தாலோ என்ன செய்வது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாதான் என் ஊரும். எங்கள் தோட்டத்திலிருந்து கோவை எல்லை கூப்பிடு தூரம். வீட்டிலும் கோயிலிலும் தமிழ், பள்ளியிலும் வில்லேஜ் ஆபீஸிலும் மலையாளம். என் அப்பா பல ஆண்டுகள் ஊர்க் காப்புக் கட்டியவர். அவர் கையைப் பார்த்தே இதைக் கற்றேன். ஊருக்கு ஊர் நாள் கணக்கு மாறும் என்பதால், எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்கிறேன். கடைசி வார்த்தை உங்கள் ஊர்ப் பூசாரியுடையது.

முதல் செவ்வாய் இரவு பூச்சாட்டு. அதற்கு அடுத்த செவ்வாய் இரவு கம்பம் நடுவார்கள். மூன்று கவையாகப் பிரிந்த மரக்கிளையை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, அம்மனுக்கு எதிரே நடுவதுதான் கம்பம். அது நின்றதும் காப்பு. முதல் காப்பு அம்மனுக்கு, அடுத்தது பூசாரிக்கு, பிறகு முறைக்காரர்களுக்கும் வேண்டுதல்காரர்களுக்கும். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மறு வாரம் புதன்கிழமை மாவிளக்கு, அன்று இரவே கம்பத்தைப் பிடுங்கிக் கோயில் கிணற்றில் விடுவார்கள். வியாழன் மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகுதான் காப்பு அவிழும். ஆக, செவ்வாய் இரவில் ஏறிய நூல் மறு வாரம் வியாழன் வரை கையில் இருக்கும்.

இத்தனை நாளும் கறி, மீன், முட்டை கிடையாது. சவரம் கிடையாது, எண்ணெய்க் குளியல் கிடையாது, பாயில் தனிப் படுக்கை. ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. கோவைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வேலந்தாவளம் வழியாகப் போய்விட்டு, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். இரவு ஷிப்ட் உள்ளவர்கள் ஊர்க் காப்புக் கட்டிக்கொள்வதில்லை. உங்களுக்கு அப்படிப்பட்ட வேலை என்றால் இப்போதே மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். கட்டிக்கொண்டு எல்லை தாண்டுவதைவிடக் கட்டாமல் மாவிளக்கு எடுப்பது நல்லது.

இனி நூல். வெள்ளைப் பருத்தி நூலை முறுக்கி, அரைத்த மஞ்சளில் தோய்த்து, ஒரு விரலி மஞ்சளை நடுவில் வைத்து முடிவார்கள். இப்போது கடைகளில் சாயம் ஏற்றிய நைலான் கயிறு வருகிறது. அதில் முடிச்சு நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் துளி சுண்ணாம்பைத் தடவிப் பாருங்கள். அசல் மஞ்சள் என்றால் அந்த இடம் உடனே சிவக்கும்.

இது தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு வருடம் எல்லோரும் கலங்கிப்போனோம். காப்புக் கட்டிய நான்காம் நாள் அத்தையின் நூல் முழுக்க ரத்தம் தோய்ந்தது போல் சிவந்துவிட்டது. அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அவர் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தார். பூசாரி வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். "துணி துவைத்தாயா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார். துவைத்திருந்தார். சோப்பிலுள்ள காரம் மஞ்சளைச் சிவப்பாக்கிவிட்டது. பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து நூலை நனைத்தார். சிவப்பு மெல்ல இறங்கி மஞ்சள் திரும்பியது. அன்றைக்கு அத்தை முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

நூல் அறுந்தால் பயம் வேண்டாம். விழுந்ததைக் கால் படாமல் எடுத்து, வெற்றிலையில் வைத்து, குளித்துவிட்டுப் பூசாரியிடம் கொண்டுபோங்கள். அவர் புது நூலில் அதே விரலியைக் கோத்துக் கட்டுவார். நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்காது. கட்டும்போதே ஒரு விரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு இறுகி இருந்தால் விரலிக்கு அடியில் தோல் வெந்துவிடும். கை வீங்கினாலோ, ஆஸ்பத்திரியில் அந்தக் கையில் ஊசி போட வேண்டியிருந்தாலோ தயங்காமல் கத்தரிக்கச் சொல்லுங்கள். எங்கள் பூசாரி இதில் ஒருபோதும் மறுப்புச் சொன்னதில்லை.

துக்கச் செய்திதான் கடினமான இடம். செய்தி முந்தியதா, காப்பு முந்தியதா என்பதுதான் இதில் கணக்கு. செய்தி முதலில் வந்துவிட்டால் அந்தப் பங்காளிகள் காப்புக் கட்ட முடியாது, தீட்டு இல்லாத வேறொருவர் அந்த முறையை எடுத்துக்கொள்வார். காப்பு ஏறிய பிறகு செய்தி வந்தால், நூல் கையில் இருக்கும் வரை அவரைத் தீட்டு அண்டாது. கல்யாணத்தில் கங்கணம் கட்டிய மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இதே விதிதான். காப்பு என்ற சொல்லுக்கே காவல் என்றுதானே பொருள். ஆனால் அந்தக் காவலுக்கு விலை உண்டு: இழவு வீட்டுப் படி ஏறக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது.

அப்பா அந்த விலையைக் கொடுத்தார். ஒரு வருடம் செவ்வாயன்று காப்புக் கட்டினார், சனிக்கிழமை விடியற்காலையில் அவருடைய சித்தப்பா இறந்துவிட்டார். அவர் தோளில் ஏறி வளர்ந்தவர் அப்பா. நாங்கள் எல்லோரும் போனோம். அப்பா மட்டும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, பறைச் சத்தம் சுடுகாட்டுப் பக்கம் நகர்ந்து ஓயும் வரை எழுந்திருக்கவில்லை. இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் அவர் அருகே போகவில்லை. சோறும் கோயில் அடுப்பிலேயே பொங்கினார்கள், ஏனென்றால் எங்கள் வீட்டு உலைக்குத் தீட்டு வந்துவிட்டது. வியாழன் மாலை காப்பு அவிழ்ந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே சின்னத்தாத்தா வீட்டுக்குப் போனார். அங்கே தலை முழுகி, மிச்சமிருந்த தீட்டு நாட்களை எங்களோடு சேர்ந்து காத்தார். உங்கள் மாமனார் வீட்டில் வயதானவர்கள் படுக்கையில் இருந்தால், இதை எண்ணிப் பார்த்த பிறகே கையை நீட்டுங்கள்.

எங்கள் மலையாள அண்டை வீட்டாருக்கு இது புதிதல்ல. அவர்களுடைய பகவதி கோயில்களிலும் காப்புகெட்டு உண்டு. திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்கல் விழாவே காப்புக் கட்டித்தான் தொடங்குகிறது. ஒன்பதாம் நாள் பொங்கல், பத்தாம் நாள் இரவு காப்பு அவிழ்த்துக் குருதி தர்ப்பணத்தோடு முடியும். கோயிலுக்குப் போனால் கையில் கட்டிவிடும் சிவப்புக் கயிறு வேறு. அதற்கு நோன்பு கிடையாது, நைந்ததும் கழற்றிவிடலாம்.

அவிழ்ப்பதில் வரிசை தலைகீழ். கடைசியில் கட்டியவர்கள் முதலில், பிறகு முறைக்காரர்கள், பிறகு பூசாரி, எல்லோருக்கும் பின்னால் அம்மன். கத்தரிக்கோல், பிளேடு எதுவும் ஆகாது. முடிச்சின் மேல் பால் விட்டு நனைத்து, பூசாரி நகத்தால் நெகிழ்த்தி எடுப்பார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று புதன் இரவே பஸ்ஸில் அறுத்து ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள் சிலர். அது எனக்கு மனது கேட்கவில்லை. ஒரே ஒரு இரவுதான் மிச்சம், லீவு சொல்லிவிட்டு இருங்கள். அவிழ்த்த நூல்களை எல்லாம் ஒரு மண்கலயத்தில் சேர்த்து, கம்பத்தை விட்ட அதே கிணற்றில் விடுவோம். விரலியை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொள்வார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை அதை உரசித்தான் நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவார்.