கிரயமில்லாத மீன்

அன்புள்ள ஐயா,

நான் கிராமச் சபை ஒன்றில் உபதேசியார். வருகிற ஞாயிறு பிரசங்கம் என்னுடையது. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைப் பற்றிப் பேச வேண்டும். சபை சோர்ந்து கிடக்கிறது. இரண்டு வருடமாகச் சரியான மழை இல்லை, ஆலயக் கட்டுமானம் பாதியில் நிற்கிறது. யாரைப் பார்த்தாலும் குறைதான் சொல்கிறார்கள். நன்றியில்லாத்தனத்தை நன்றாகக் கண்டித்துப் பேசுங்கள் என்கிறார்கள் கமிட்டியில். எனக்கோ விழுந்து கிடப்பவர்களை மிதிப்பதுபோல இருக்கிறது. எப்படிப் பேசுவது?

---

அன்புள்ள தம்பிக்கு,

முறுமுறுப்பு என்றதும் நாம் எல்லாக் கதைகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மாராவின் கசப்புத் தண்ணீர், மன்னா, காடை, கொள்ளிவாய்ச் சர்ப்பம் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் பாம்பை அவிழ்த்துவிட்டு ஆமென் சொல்கிறோம். நானும் இருபது வருஷம் அப்படித்தான் பேசினேன். நீங்கள் ஒரே அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எண்ணாகமம் 11. பக்கத்தில் யாத்திராகமம் 16-ஐயும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்களைக் கணக்குப் பார்ப்போம். யாத்திராகமம் 16-இல் ஜனங்கள் சீன் வனாந்தரத்துக்கு வருவது இரண்டாம் மாதம் 15-ஆம் தேதி. எகிப்தை விட்டுச் சரியாக ஒரு மாதம். பசியில் எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை நினைத்து முறுமுறுக்கிறார்கள். அப்போதே ஞாபகம் கொஞ்சம் கோணத்தான் செய்கிறது, அடிமைகள் இறைச்சிப் பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார்களாம்! ஆனாலும் ஆண்டவர் அந்தக் கதையைத் திருத்தப் போகவில்லை. சாயங்காலம் காடை, காலையில் மன்னா. ஒருவரும் சாகவில்லை. அதற்கு முன் மாராவிலும் அப்படித்தான், பின்னால் ரெவிதீமிலும் அப்படித்தான். தண்ணீர் இல்லாதவன் தண்ணீர் கேட்டான், கிடைத்தது. உங்கள் சபையில் மழை இல்லை என்று அழுகிறவர்கள் இந்த வரிசையில் நிற்கிறவர்கள். அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்ல வேதத்தில் உங்களுக்கு இடமில்லை.

எண்ணாகமம் 11 வேறு கதை. அவர்கள் சீனாயை விட்டுப் புறப்பட்டது இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் 20-ஆம் தேதி. அதாவது ஏறக்குறைய ஒரு வருஷமாகத் தினமும் மன்னா. நேரத்துக்குச் சோறு கிடைக்கிறது, ஆனால் வாய்க்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பு பொய்யில்லை. எட்டாம் வசனத்தை வாசித்துப் பாருங்கள்: ஏந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் சமைத்தார்கள், அப்பமும் சுட்டார்கள். ஒரே மாவை வைத்துக்கொண்டு எத்தனை விதமாகத்தான் செய்து பார்ப்பார்கள் அந்தப் பெண்கள்! மூன்று நாள் உப்புமா போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அப்படியானால் பிழை எங்கே? ஐந்தாம் வசனத்தில் ஒரே ஒரு வார்த்தையில். "நாம் எகிப்திலே கிரயமில்லாமல் சாப்பிட்ட மச்சங்கள்." அப்புறம் வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு என்று பட்டியல் நீள்கிறது. நைல் நதிக்கரையில் விளைகிற சாமான்கள்தான், கற்பனை இல்லை. மீனும் நிஜம். கிரயமில்லாமல் என்பதுதான் பொய். அந்த ஆற்றில்தான் அவர்களுடைய ஆண் குழந்தைகளைப் போடச் சொல்லிப் பார்வோன் உத்தரவிட்டான். வைக்கோல் கொடுக்காமல் அதே கணக்குச் செங்கல் கேட்டான். அந்த மீனுக்கு விலையாக அவர்கள் பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷத்தில் மீனின் ருசி நாக்கில் தங்கிவிட்டது, விலைச்சீட்டு கிழிந்துபோயிற்று. நன்றியில்லாமை என்று இந்த அதிகாரம் காட்டுவது இதைத்தான். இன்றைக்குக் கஷ்டம் என்று சொல்வது அதில் சேராது; நேற்றைக் கழுவித் துடைத்துப் பொன்னாக்கி, அதைக் காட்டி இன்றைக்குக் கையில் இருப்பதைத் தூவென்று துப்புவதுதான் அது. கொஞ்ச நாளில் தாத்தானும் அபிராமும் எகிப்தையே "பாலும் தேனும் ஓடுகிற தேசம்" என்று சொல்லிவிட்டார்கள் (எண்ணாகமம் 16:13). கழுவத் தொடங்கினால் அதுவரை போகும்.

பிரசங்கத்தில் இந்த மீனிடம் கொஞ்சம் நின்று போங்கள். "அந்தக் காலத்து சபை" என்று உங்கள் ஊரிலும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் யார் எந்தப் பெஞ்சில் உட்கார முடியாமல் இருந்தது என்று மெதுவாகக் கேட்டால் போதும்.

இனி, இந்த அதிகாரத்தில் உங்கள் சபைக்கான இடம். ஜனங்கள் தங்கள் தங்கள் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். "நமக்கு இறைச்சியைப் புசிக்கக் கொடுப்பவர் யார்?" என்று கேட்கிறார்கள். யாரிடம்? கர்த்தரிடம் இல்லை, மோசேயைப் பார்த்து. அடுத்த வசனங்களில் மோசே அழுகிறார், ஆனால் நேரே கர்த்தரிடம் போய். அவர் பேச்சு ஜனங்களின் பேச்சைவிடக் காரமானது. இவர்களைக் கர்ப்பந்தரித்தது நானோ, பெற்றது நானோ என்கிறார். என்னால் தனியாகச் சுமக்க முடியாது, இப்படியே விடுவதானால் என்னைக் கொன்றுவிடும் என்கிறார். இதைவிடப் பெரிய புகார் அந்த அதிகாரத்தில் இல்லை. தண்டனை என்ன தெரியுமா? எழுபது மூப்பர்கள். பாரத்தைச் சுமக்க ஆள் கிடைத்தது. அதே அதிகாரத்தின் கடைசியில் இச்சித்த ஜனங்களைப் புதைத்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா என்று பேராகிறது. உங்கள் சோர்ந்த சபையை அந்தக் கல்லறையில் நிறுத்தாமல் மோசேக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். மோசே என்றதும் பிரசங்கி தன்னை அங்கே நிறுத்திக்கொள்வான், சபை முறுமுறுக்கிற கூட்டமாகிவிடும். ஒரு வருஷம் ஆலயக் கணக்கைப் பற்றிச் சிலர் கேள்வி கேட்டார்கள். அடுத்த ஞாயிறே நான் கோராகைப் பற்றிப் பேசினேன், பூமி வாய் திறந்த காட்சியை விலாவாரியாக. வாசலில் ஒரு வயதான அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பிரசங்கம் நல்லாருந்துச்சு ஐயா, கணக்கை எப்போ வாசிப்பீங்க?" என்றார்கள். கணக்குக் கேட்பது முறுமுறுப்பு இல்லை. உங்கள் கட்டிடம் ஏன் பாதியில் நிற்கிறது என்று சபை கேட்டால், அதற்குப் பதில் கமிட்டி அறிக்கையில் இருக்க வேண்டும், பிரசங்கத்தில் இல்லை. எழுதும்போது குறிப்பிட்ட இரண்டு பேர் முகம் கண்ணில் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். காதேசில் மோசே ஜனங்களைப் பார்த்து "கலகக்காரரே" என்று கத்திக் கன்மலையை இரண்டு தரம் அடித்தார். ஜனங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. கானானுக்குள் போகாமல் நின்றது அவர்தான்.

இருபது நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். 11:4 முதல் 17 வரை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள், மீனைப் பற்றிச் சொல்லுங்கள், மோசேயின் ஜெபத்தைச் சொல்லுங்கள். முடித்ததும் உடனே ஸ்தோத்திரப் பாட்டுக்குப் போகாமல் 13-ஆம் சங்கீதத்தைச் சபையோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குவது. ஆறே வசனம். அதன் பிறகு ஒரு நிமிஷம் யாரும் எதுவும் பேசாமல் இருக்கட்டும். கமிட்டிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.