புள்ளிக்கு முன்னால் 32 எழுத்து

கேள்வி: "சைட்டில் ஸ்லக் சரியா என்று பார்க்க பைத்தானில் `^([a-z0-9]+-?)*$` என்று ஒரு ரெஜெக்ஸ் வைத்திருக்கிறேன். பல மாதமாக ஓடுகிறது. நேற்று யாரோ 32 எழுத்து ஹாஷ் பெயரை `.jpg` சேர்த்து ஒட்டினார்கள், சர்வர் அப்படியே நின்றுவிட்டது. `.jpg` இல்லாமல் கொடுத்தால் நொடியில் பதில் வருகிறது. ஏன்?"

உள்ளே ஒரு `+`, வெளியே ஒரு `*`. நடுவில் இருக்கும் கோடு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வம்பு அங்கேதான். `aaaa` என்ற நாலெழுத்தை உங்கள் ரெஜெக்ஸ் ஒரே துண்டாக எடுக்கலாம், மூன்றும் ஒன்றுமாக எடுக்கலாம், இரண்டிரண்டாகவும் எடுக்கலாம்; மொத்தம் 8 வழி. பொருந்துகிற இன்புட் என்றால் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும், அதனால்தான் இத்தனை மாதம் கண்ணில் படவில்லை. புள்ளி வந்தால் கதை வேறு. "பொருந்தவில்லை" என்று சொல்வதற்கு முன் என்ஜின் திரும்பித் திரும்பி வந்து எல்லா வழியையும் பார்த்தாக வேண்டும். 32 எழுத்துக்கு அது 2-இன் 31-ஆம் அடுக்கு, அதாவது 214 கோடிக்கு மேல்.

உறுதி செய்துகொள்ள இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import re, time
p = re.compile(r'^([a-z0-9]+-?)*$')
for n in (20, 22, 24, 26):
    t = time.perf_counter()
    p.match('a' * n + '.')
    print(n, time.perf_counter() - t)
```

இரண்டெழுத்து கூடும்போதெல்லாம் நேரம் சுமார் நாலு மடங்கானால் நோய் இதுதான். நீளத்துக்கு 60 என்று வரம்பு வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 32-க்கே இந்தப் பாடு என்றால் 60 எதற்கு ஆகும்?

சரி, மாற்றி எழுதுவோம்:

```
^[a-z0-9]+(?:-[a-z0-9]+)*$
```

இப்போது அடுத்த துண்டு தொடங்க ஒரு கோடு கட்டாயம் வேண்டும். எழுத்து வரிசையைக் கோடு இல்லாத இடத்தில் வெட்டவே முடியாது, ஆகவே எந்த இன்புட்டையும் பிரிக்க ஒரே வழிதான். என்ஜின் ஓரெழுத்தை விட்டுக்கொடுத்துப் பார்த்தாலும் அங்கே கோடு இருக்காது, உடனே கைவிட்டுவிடும். ஒன்று கவனியுங்கள்: உங்கள் பழைய ரெஜெக்ஸ் காலி ஸ்லக்கையும், கோட்டில் முடியும் ஸ்லக்கையும் ஏற்றுக்கொண்டது. இது ஏற்காது. நீங்கள் விரும்பியதும் அதுவாகத்தான் இருக்கும்.

ரெஜெக்ஸின் அமைப்பைத் தொட மனமில்லை, பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், `^(?>[a-z0-9]+-?)*$` என்றும் எழுதலாம். `(?>` ஒருமுறை விழுங்கிய துண்டைத் திருப்பித் தராது.

அப்புறம், `+`-க்கு மேல் `*` இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் படுத்ததற்குக் காரணம், வரிக்கடைசி வெற்றிடங்களை நீக்கும் `\s+$` மாதிரியான ஒரு சாதாரண ரெஜெக்ஸ். ஒரு வரியின் நடுவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து இருந்தன, அவற்றுக்குப் பின்னால் வேறொரு எழுத்து. ஒவ்வொரு வெற்றிடத்திலிருந்தும் புதிதாகத் தொடங்கிக் கடைசிவரை போய்த் தோற்றால் சுமார் 20 கோடிப் படிகள் ஆகும். இந்த வகைக்கு நீள வரம்பு உதவும். அவர்களோ ரெஜெக்ஸையே தூக்கிவிட்டு, சரத்தை வெட்டும் சாதாரண ஃபங்ஷனைப் போட்டார்கள்.