ஒரு தடவை புழு மருந்து கொடுத்தால் போதாதா?

கேள்வி: தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறோம். 6 வார வயதில், 1.5 கிலோ எடை இருந்தபோது, புழு மருந்து கொடுத்தோம். மறுநாள் சேமியா போல நீளமான புழுக்கள் வெளியேறின. 3 வாரம் கழித்து வயிறு மீண்டும் உப்பியிருக்கிறது. மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று போகிறது. வீட்டில் உள்ள 30 கிலோ லாப்ரடாருக்கு 3 மாதத்துக்கு ஒரு மாத்திரை தவறாமல் கொடுத்தும், அதன் ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்று ஏதோ ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள். அவை இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், அல்லது குட்டி சோர்ந்து படுத்திருந்தால், இன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் போகலாம். ஈறு நன்றாக இருந்தாலும் நாளையைத் தாண்ட விடாதீர்கள். கறுத்துப் பிசுபிசுக்கும் மலம் என்பது பெரும்பாலும் சிறுகுடலில் கசிந்து செரித்த இரத்தம். இந்த வயதுக் குட்டியில் அதற்கு நான் முதலில் சந்தேகிப்பது கொக்கிப்புழுவைத்தான். இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும் மலம் கறுக்கும் என்பதால், சிறிது மலத்தை ஈரமான வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செம்பழுப்பு நிறம் பரவினால் அது இரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கண்ட சேமியா போன்றவை உருளைப்புழுக்கள். அவற்றின் இளம்புழுக்கள் தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் புகுந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன. கொக்கிப்புழுவோ தாய்ப்பாலின் வழியாகவும் தோலைத் துளைத்தும் வருகிறது. வழக்கமாகக் கொடுக்கப்படும் பைரண்டல் மருந்து அன்றைக்குக் குடலில் இருப்பவற்றை மட்டுமே வெளியேற்றும் என்பதால், வழியில் இருந்தவை அடுத்த சில வாரங்களில் குடலுக்கு வந்து வளர்ந்துவிடுகின்றன. இதனால்தான் 2, 4, 6, 8 வார வயதுகளில் ஒவ்வொரு தடவையும், அதன்பின் 6 மாத வயது வரை மாதம் ஒரு தடவையும் கொடுக்கச் சொல்கிறோம். உங்கள் குட்டிக்கு 8ஆம் வாரத் தவணை விடுபட்டிருக்கிறது. மருத்துவர் இப்போது ஒரு தவணையும் 2 வார இடைவெளியில் இன்னொன்றோ இரண்டோ கொடுத்துவிட்டு, மாதத் தவணைக்கு மாற்றக்கூடும். ஒவ்வொரு தடவையும் அன்றைய எடையைப் பார்த்தே அளவைக் கணக்கிட வேண்டும், 1.5 கிலோவுக்குக் கொடுத்த அளவு, வளர்ந்துவிட்ட குட்டிக்குப் போதாது.

மருத்துவரிடம் போகும்போது அன்று போட்ட மலத்தில் கட்டைவிரல் நுனியளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் கொண்டு செல்லுங்கள். மண் ஒட்டிய பகுதியை எடுக்க வேண்டாம். மண்ணில் தானாக வாழும் புழுக்கள் அதில் கலந்து குழப்பும். உடனே போக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் உறைய விடக்கூடாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாலின் வழியே தொற்றிய கொக்கிப்புழுக்கள் முட்டையிடத் தொடங்கும் முன்பே இரத்தத்தைக் குடித்துவிடுகின்றன, ஆகையால் பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்தாலும், ஈறு வெளுத்த குட்டிக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மலம் கறுப்பாக அல்லாமல், சிவந்த இரத்தத்துடன் நீராகவும் கடும் நாற்றத்துடனும் போய், வாந்தியும் இருந்தால், அது பார்வோ நோயாக இருக்கலாம். அப்போது புழு மருந்து கொடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கவே வேண்டாம்.

லாப்ரடாரிடம் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டுகள். காய்ந்ததும் அரிசி அல்லது வெள்ளரி விதை போலத் தெரியும். இங்கே இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். பரவலாக விற்கும் கலப்பு மாத்திரைகள் பல, 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் தயாரிக்கப்பட்டவை. அட்டையைப் பாருங்கள், அப்படி இருந்தால் உங்கள் நாய்க்கு 3 மாத்திரை தேவைப்பட, மூன்றில் ஒரு பங்கு மட்டுமே போயிருக்கிறது. நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, இந்தப் புழு மலத்திலிருந்து நேரடியாக நாய்க்கு வருவதில்லை. முடியைக் கடித்துச் சொறியும்போது விழுங்கப்படும் தெள்ளுப்பூச்சிக்குள் இருந்து வருகிறது. ஆகையால் சரியான அளவில் கொடுத்தாலும், தெள்ளுப்பூச்சிகளை இரண்டு நாய்களிடமும் படுக்கைத் துணிகளிலும் ஒழிக்காவிட்டால், 3 வாரத்திலேயே துண்டுகள் மறுபடி தெரியத் தொடங்கலாம். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு தடவை என்ற முறை சரியானதே.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மலத்தை அன்றன்றே அள்ளி அகற்றுங்கள். உருளைப்புழு முட்டை தொற்றும் நிலையை அடைய மண்ணில் சுமார் 2 வாரமாவது ஆகும் என்பதால், உடனுக்குடன் அள்ளுவதே அதைத் தடுத்துவிடும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ ஒரு வாரத்துக்குள்ளாகவே தயாராகி, வெறுங்கால் தோலில் நுழைந்து வளைந்து நெளிந்த அரிப்புத் தடத்தை உண்டாக்கக்கூடும்; குட்டி மலம் கழிக்கும் ஈர மண்ணில் செருப்பில்லாமல் யாரும் நடக்க வேண்டாம்.