அம்மாவுக்கு மட்டும் தெரியாது

அக்கா, போன வாரம் பசார் மாலாமில் அம்மாவின் பர்ஸைத் தொலைத்துவிட்டேன். பர்ஸின் நிறம், உள்ளே இருந்தது எல்லாம் எழுதி பேஸ்புக்கில் போட்டதும் ஒருவர் வாட்சாப்பில் வந்தார். சிவப்புப் பர்ஸ், உள்ளே ஐசி, வங்கி அட்டை, அப்பாவின் பழைய படம் என்று சரியாகச் சொன்னார். லோரி ஓட்டுநராம், இப்போது ஜொகூரில் இருக்கிறாராம். கூரியருக்கு 40 வெள்ளி போட்டேன். இன்று இன்சூரன்ஸுக்கு 150 கேட்கிறார், பர்ஸ் வந்ததும் திருப்பித் தருவாராம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, பீரோவில் இருப்பதாக நினைக்கிறார். போடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

போடாதே. அவனிடம் பர்ஸ் இல்லை.

நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது: அம்மாவுக்குத் தெரியாதாம்! பர்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்கே பேஸ்புக்கில் எழுதியிருக்கிறாய், அதைத்தான் அவன் படித்துவிட்டு உன்னிடமே ஒப்பிக்கிறான், பர்ஸுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் விஷயம் போகவில்லை. இது என்ன நியாயம் தங்கச்சி? திட்டு வாங்கப் பயந்துகொண்டு, அவர் அட்டையை இத்தனை நாள் முடக்காமல் விட்டிருக்கிறாய். பர்ஸ் யார் கையில் இருந்தாலும், 250 வெள்ளிக்குள் என்றால் பின் நம்பர் இல்லாமலே அந்த அட்டையைத் தட்டிவிட்டுப் பொருள் வாங்கிப் போகலாம்.

இப்போதே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொல். திட்டட்டும், அது அவர் உரிமை. அவரையே வங்கிக்கு போன் போட்டு அட்டையை முடக்கச் சொல். அப்புறம் நீ பேஸ்புக்கில் எழுதாத எது உள்ளே இருந்தது என்று கேள். சில்லறை அறையில் ஒரு முருகன் டாலர், மடித்து வைத்த மருந்துச் சீட்டு, ஏதாவது ஒன்று அவருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும், உனக்கு இருக்காது. அதை அந்த ஆளிடம் கேள். பர்ஸைத் திறந்து காட்டி, இன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அன்பளிப்பும் அங்கேயே தருகிறேன் என்று எழுது. நிஜமாகவே கண்டெடுத்தவருக்கு இதில் ஒரு காசு செலவில்லை. இவனோ, லோரி கிளம்புது, நேரமில்லை, நம்பிக்கை இல்லையா என்று கோபப்படுவான். 150 போட்டிருந்தால் அடுத்து உன் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டிருப்பான்.

40 வெள்ளி போனதற்கு, மோசடிப் புகாருக்கான 997-க்கு அழை, உன் வங்கிக்கும் சொல். வாட்சாப் உரையாடலை அழிக்காமல், பணம் போட்ட ரசீதோடு போலீஸ் புகார் கொடு. அந்தக் கணக்கு எண்ணைப் போலீஸின் semakmule.rmp.gov.my தளத்தில் தட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கே புகார் எதுவும் காட்டவில்லை என்பதற்காக அவனை நம்பிவிடாதே, புதிதாக வாங்கிய கணக்காக இருக்கும்.

புது ஐசிக்கு அம்மாவே பதிவு இலாகாவுக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும், அதனால் எப்படியும் மறைக்க முடியாது. லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போ, அபராதத்தை நீயே கட்டு. கிளம்பும் முன் அந்தப் பதிவைத் திருத்து: பர்ஸ் தொலைந்தது, எந்த இடம், எந்த நாள், அது போதும். நிறமும் உள்ளே இருந்ததும் எடுத்தவர் சொல்லட்டும்.