லிங்க்ட்இன் மீட்டரும் குன்னூர் டீ மேக்கரும்

"அக்கா, எனக்கு ஊர் குன்னூர். ஏழு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தேன். கனடாவின் பிராம்டன் வந்து இரண்டு மாதம் ஆகிறது, இப்போது இரவில் கிடங்கு வேலை. லிங்க்ட்இனில் என் பக்கம் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் மீட்டர் Intermediate-இலேயே நிற்கிறது. அதைச் சேர், இதைச் சேர் என்று தினமும் கேட்கிறது. எல்லாவற்றையும் செய்தால்தான் உணவுத் தொழிற்சாலைகளிலிருந்து அழைப்பு வருமா?"

தம்பி, அந்த மீட்டர் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்கு ஆள் தேடுகிறவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் Intermediate என்றோ All-Star என்றோ எந்த முத்திரையும் அவருக்குத் தெரியாது. கட்டம் காலியா நிரம்பியா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. கட்டத்துக்குள் இருப்பது நல்ல எழுத்தா, உண்மையா என்று அதற்குத் தெரியாது.

அது எண்ணும் கட்டங்கள் ஏழு: புகைப்படம், ஊர், தொழில்துறை, வேலை அனுபவம், படிப்பு, குறைந்தது 5 திறன்கள், About என்ற சுயவிவரப் பத்தி. இவை நிரம்பினால் All-Star என்ற உச்ச நிலை வந்துவிடும். பழைய கட்டுரைகளில் 50 தொடர்புகளும் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது முந்தைய கணக்கு. அதற்காக முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்ப வேண்டாம்.

இந்த ஏழையும் நிரப்பத்தான் வேண்டும் என்பேன், ஆனால் மீட்டருக்காக அல்ல. நிறுவனங்களின் ரெக்ரூட்டர்கள் தேடும் திரையில் ஊர், தொழில்துறை, பதவிப் பெயர், திறன் ஆகியவைதான் சல்லடைகள். பிராம்டன் பக்கம், உணவு உற்பத்தி, மேற்பார்வையாளர் என்று ஒருவர் சலிக்கும்போது உங்கள் ஊர்க் கட்டத்தில் இன்னும் குன்னூர் என்று இருந்தால், அந்தச் சலிப்பில் நீங்கள் கீழே விழுந்துவிடுவீர்கள். உங்கள் பக்கத்தை அவர் திறந்தே பார்க்கமாட்டார். ஆகவே இன்றைக்கே ஊரை மாற்றுங்கள். பிராம்டன் என்றும் போடலாம், Greater Toronto Area என்றும் போடலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் உணவுத் தொழிற்சாலைகள் மிசிசாகா, வான் போன்ற பக்கத்து ஊர்களிலும் பரவியிருக்கின்றன.

விடுமுறையில் கோத்தகிரி வந்திருக்கிறேன். போன வாரம் இதே திரைக்கு முன்னால் என் சித்தி மகனோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவனும் டீ மேக்கர், கட்டபெட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம். அடுத்த மாதம் கனடா புறப்படுகிறான். அவன் இன்னும் இங்கேதான் இருப்பதால் ஊர்க் கட்டத்தில் கோத்தகிரியையே வைத்தோம். வேலை தேடும் இடத்தை Open to Work என்ற பகுதியில் தனியாகக் கொடுக்கலாம், அங்கே டொராண்டோவைப் போட்டோம். வந்து சேருமுன்பே கனடா முகவரி போட்டவனை நாளைக்கே நேரில் வா என்று கூப்பிட்டால், முதல் பேச்சிலேயே நம்பிக்கை போய்விடும்.

அடுத்து பதவிப் பெயர். இதில்தான் எங்களுக்கு அதிக நேரம் ஆனது, உங்களுக்கும் இதுதான் முக்கியம். 'Tea Maker' என்று மட்டும் எழுதியிருந்தான். மீட்டர் அதை ஏற்று, கட்டம் நிரம்பியது என்று காட்டிவிட்டது. நம் மலையில் டீ மேக்கர் என்றால் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். பச்சை இலை லாரியிலிருந்து இறங்குவது முதல் தூள் மூட்டையாகிக் குன்னூர் ஏலத்துக்குப் போவது வரை பொறுப்பு அவர் தலையில். ஆனால் கனடாவில் அதே சொல்லைப் படிப்பவருக்குத் தேநீர்க் கடையில் கோப்பை கலக்கும் ஆள்தான் நினைவுக்கு வருவார். ஏழு வருடப் பொறுப்பு இரண்டு சொல்லில் சுருங்கிவிடும். அதற்காகப் பதவிப் பெயரையே மாற்றி 'Production Manager' என்று போடவும் கூடாது. சான்றிதழில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாக இருந்தால், பழைய நிறுவனத்தில் விசாரிக்கும் நாளில் பதில் சொல்ல முடியாது. உண்மைப் பெயரை முதலில் வைத்து, அதன் பொருளையும் தூள் செய்யும் CTC முறையையும் அருகிலேயே சொல்லிவிட்டோம்:

```
Tea Maker | Black Tea Production Supervisor, CTC
```

பிறகு About பத்தி. 2,600 எழுத்து வரை இடம் இருக்கிறது, ஆனால் திறந்தவுடன் கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று வரிகள்தான். மீதியைப் படிக்க ஒருவர் அழுத்திப் பார்க்க வேண்டும். அவன் "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவன்" என்று தொடங்கியிருந்தான். அதை அழித்துவிட்டுக் கேள்வி கேட்டேன். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பச்சை இலை? "15,000 கிலோ அக்கா." தூளாக எவ்வளவு? "நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ, அப்படியென்றால் 3,300 கிலோ பக்கம்." கையில் எத்தனை பேர்? "இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து 22." டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம்? "மூன்று சதவீதத்துக்கு மேலே விடமாட்டேன். விட்டால் பூசணம், ஏலத்தில் விலை போகாது." இதைச் சொல்லும்போது அவன் குரலே மாறியது. அந்த நான்கு பதில்களையும் அப்படியே முதல் மூன்று வரிகளாக ஆங்கிலத்தில் எழுதினோம். தேயிலையைப் பார்த்தே இராத ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்காரருக்கும் 15,000 கிலோ மூலப்பொருள், 22 பேர், ஈரப்பதக் கட்டுப்பாடு என்றால் புரியும்.

திறன்களையும் இதே கண்ணோடு பாருங்கள். 100 வரை சேர்க்க இடமிருப்பதால் மீட்டர் மேலும் மேலும் பரிந்துரைக்கும். அதன் பரிந்துரையில் மைக்ரோசாப்ட் வேர்டு, தலைமைப் பண்பு போன்றவை வரும். அவற்றை விட்டுவிடலாம். உணவு உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, உணவுப் பாதுகாப்பு, ஷிப்ட் மேற்பார்வை, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றில் நீங்கள் உண்மையில் செய்தவை போதும். எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாவிட்டால், பிடித்த வேலை விளம்பரங்கள் ஐந்தைத் திறந்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கிடங்கு வேலை. நடப்பு வேலையைச் சேர் என்று மீட்டர் நச்சரிப்பது எனக்கும் நடந்தது. நான் கனடா வந்த புதிதில் வேலை இல்லை. காலியாக விட மனமில்லாமல், சொந்தத் தொழில் ஆலோசகர் என்று ஒரு வரி போட்டு மீட்டரை நிரப்பினேன். மூன்று வாரத்தில் ஓர் உணவு நிறுவனத்தில் நேர்காணல் கிடைத்தது. உட்கார்ந்ததும் நேர்காணல் எடுத்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் வாடிக்கையாளர்கள் யார்?" என்னிடம் பதில் இல்லை. குன்னூரில் தேயிலைத் தரம் பார்த்த ஐந்து வருட அனுபவத்தைப் பற்றி அதன் பிறகு நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்த அறை எனக்கு நினைவிருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கிடங்கு வேலை உண்மையான வேலை, அதைப் போடுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புதிய வேலையைச் சேர்க்கும்போது, பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியையும் அதற்கேற்ப மாற்றும்படி திரை கேட்கும். அதற்குச் சம்மதித்துவிட்டால் டீ மேக்கர் மறைந்து கிடங்கு ஊழியர் என்று நிற்கும். தலைப்பு வரி வேறு, நடப்பு வேலை வேறு. தலைப்பில் உங்கள் தொழிலே இருக்கட்டும். Notify network என்ற பொத்தானையும் அணைத்துவிட்டுத் திருத்துங்கள், ஒவ்வொரு மாற்றமும் ஊரிலுள்ளவர்களுக்குச் செய்தியாகப் போக வேண்டாம்.

புகைப்படத்துக்கு ஸ்டுடியோ வேண்டாம். சித்தி மகன் கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் போட்டிருந்தான், தோளில் இன்னொருவர் கை தெரிந்தது. காலை மூட்டத்தில் திண்ணையில் நிறுத்தி என் போனிலேயே எடுத்தேன். வெயில் இல்லாத அந்த வெளிச்சத்தில் முகத்தில் நிழலே விழவில்லை.

மற்றபடி வரும் பரிந்துரைகளில் பலவற்றைத் தைரியமாகத் தள்ளிவிடலாம். போனின் தொடர்புப் பட்டியலைப் பதிவேற்று என்பதைக் கட்டாயம் தள்ளுங்கள். உங்கள் போனில் இருக்கும் இலை வியாபாரி முதல் வீட்டு உரிமையாளர் வரை எல்லார் விவரமும் மேலே போய்விடும், பிறகு தவறி ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனை பேருக்கும் அழைப்பு போகும். பிரீமியம் ஒரு மாதம் இலவசம் என்பார்கள், ஆனால் அட்டை எண் கேட்பார்கள். நிறுத்த மறந்தால் அடுத்த மாதம் பணம் போகும். அதை வாங்கினாலும் இந்த மீட்டர் ஏறாது. பிறந்த நாளும் தொலைபேசி எண்ணும் வேலைக்குத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்குத்தான் அவை உதவும். தன்னார்வப் பணி, சான்றிதழ் எல்லாம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதியே வேண்டாம்.

Open to Work-இல் பச்சை வளையம் போடச் சொல்லும். எல்லாருக்கும் காட்டுவது, ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டுவது என இரண்டு வழிகள் உண்டு. நீங்கள் இப்போது ஒரு வேலையில் இருப்பதால் இரண்டாவதை எடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் வைக்க முயல்வதாகத்தான் லிங்க்ட்இன்காரர்களே சொல்கிறார்கள், முழு உறுதி தருவதில்லை. அதையும் மனதில் வையுங்கள்.

எல்லாம் முடித்து ஒரு வாரம் கழித்து, மீட்டரைப் பார்க்காமல் Search appearances என்ற பக்கத்தைப் பாருங்கள். எத்தனை தேடல்களில் வந்தீர்கள், தேடியவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று காட்டும். அங்கே உணவு, பானத் தொழிற்சாலைகளின் பெயர்கள் வரத் தொடங்கினால் சொற்கள் சரியாக விழுந்திருக்கின்றன. காபிக் கடைகளும் ஓட்டல்களுமே வந்தால் 'Tea Maker' இன்னும் தவறாகவே படிக்கப்படுகிறது. அப்படியானால் உங்கள் தலைப்பு வரியை எனக்கு அப்படியே அனுப்புங்கள். இந்த மாதம் முழுவதும் கோத்தகிரியில்தான் இருக்கிறேன், இரவில் பதில் போடுகிறேன்.