செயலி காட்டும் வருமானமும் மணிக்குக் கையில் நிற்பதும்

கேள்வி: சென்னையில் 110 சிசி ஸ்கூட்டரில் உணவு டெலிவரி செய்கிறேன். போன வாரம் ஆறு நாளில் 120 ஆர்டர். ஆர்டர் பணம் 4,200, இன்சென்டிவ் 1,800, டிப்ஸ் 300 என்று மொத்தம் 6,300 ரூபாயும், லாகின் நேரம் 54 மணி என்றும் ஆப்பில் காட்டுகிறது. பெட்ரோலும் வண்டித் தவணையும் போனால் ஒன்றும் நிற்பதில்லை. உண்மையில் மணிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறேன்? இன்சென்டிவுக்காக ஞாயிறு ராத்திரி வரை ஓட்டுவதில் லாபம் உண்டா?

பதில்: செயலியின் எண்களை அப்படியே வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 117 ரூபாய் வரும். அந்தக் கணக்கில் நேரமும் குறைவு, தூரமும் குறைவு. முதலில் அவ்விரண்டையும் திருத்த வேண்டும்.

நேரத்தை வீட்டு வாசலில் வண்டியை எடுத்ததிலிருந்து திரும்பி வந்து நிறுத்தும் வரை எண்ணுங்கள். உணவகம் அதிகமுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு லாகின் செய்வதும், கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டு லாக்அவுட் செய்து வீடு திரும்புவதும் செயலியின் கணக்கில் ஏறுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றாலும் உங்கள் 54 மணி 60 ஆகிவிடும். மதியம் மூன்று முதல் ஆறு வரை வீட்டுக்கு வந்து உறங்கினால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மரத்தடியில் வண்டியில் சாய்ந்தபடி அடுத்த ஆர்டருக்குக் காத்திருந்தால் அது வேலை நேரம்தான்.

தூரத்துக்கு ஓடோமீட்டரை மட்டும் நம்புங்கள். செயலி காட்டுவது பெரும்பாலும் ஆர்டருக்காக ஓடிய தூரம். கொடுத்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் தூரம் அதில் வராது. காலையில் கிளம்பும்போதும் இரவில் திரும்பிய பிறகும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்தால் போதும், படத்திலேயே நேரமும் பதிவாகிவிடும். உங்கள் ஓடோமீட்டர் கணக்கு என்னிடம் இல்லாததால், ஆர்டருக்கு 6 கிலோமீட்டர், வாரத்துக்கு 720 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மைலேஜையும் விளம்பரத்திலிருந்து எடுக்கக் கூடாது. பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மூன்று நான்கு நாள் ஓட்டியபின் மீண்டும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் மைலேஜ். சிக்னல் நெரிசலில் ஓடும் வண்டிக்கு 45 என்று வைப்போம். 720 கிலோமீட்டருக்கு 16 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 1,616 ரூபாய்.

பெட்ரோல் தினமும் கண்ணில் படும் செலவு. டயரும் ஆயிலும் தேய்வதைப் பணம் கொடுக்கும் நாள் வரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் சர்வீஸுமாக 900 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 30 பைசா. 18,000 கிலோமீட்டர் ஓடும் இரண்டு டயருக்கு 3,600 ரூபாய் என்றால் 20 பைசா. பெல்ட், பிரேக் ஷூ, பஞ்சர், பேட்டரிக்கு 15 பைசா ஒதுக்குங்கள். ஆக 65 பைசா, வாரத்துக்கு 468 ரூபாய்.

அடுத்து வண்டியின் மதிப்பு இறங்குவது. இங்கேதான் பலரும் தவணையைச் செலவாக எழுதித் தவறிவிடுகிறார்கள். தவணையில் அசல் பகுதி உங்கள் வண்டிக்கான விலை. அதைச் செலவாக எழுதி, மதிப்புக் குறைவையும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை கழித்ததாகும். வாங்கிய விலையிலிருந்து விற்கக்கூடிய விலையைக் கழித்து, இடையில் ஓடப்போகும் தூரத்தால் வகுங்கள். 56,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி 72,000 கிலோமீட்டர் ஓடியபின் 20,000 ரூபாய்க்குப் போகும் என்றால் கிலோமீட்டருக்கு 50 பைசா, வாரத்துக்கு 360 ரூபாய். தவணையின் வட்டிப் பகுதியை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கடனுக்குக் கடன் மாறுபடும் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

இவை மூன்றும் சேர்ந்து கிலோமீட்டருக்குச் சுமார் 3 ரூபாய் 40 பைசா. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிது. வாரத்துக்கு அது 2,444 ரூபாய்; இன்சூரன்ஸ், ரீசார்ஜ், மழைக்கோட்டு ஆகியவற்றுக்கு 126 சேர்த்தால் மொத்தச் செலவு 2,570. 6,300 ரூபாயில் மிஞ்சுவது 3,730. 60 மணியால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கிய ரொக்கத்தை வருமானத்தோடு கலந்துவிடாதீர்கள். அது நிறுவனத்தின் பணம். அடுத்த பேஅவுட்டில் கழித்துக்கொள்வார்கள். டி.டி.எஸ். பிடித்திருந்தால் அது செலவு அல்ல. வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

இப்போது இன்சென்டிவ். மிஞ்சிய 3,730 ரூபாயில் 1,800 அதிலிருந்து வந்தது, அதாவது கிட்டத்தட்டப் பாதி. ஓர் ஆர்டருக்கு 35 ரூபாய், 6 கிலோமீட்டருக்குச் செலவு 20 ரூபாய் 40 பைசா; நிற்பது 14 ரூபாய் 60 பைசா. உங்கள் உழைப்புக்கான கூலியில் ஏறக்குறையப் பாதி இலக்கை எட்டினால்தான் கிடைக்கிறது என்பது இதன் பொருள். ஆகவே ஞாயிறு இரவுக் கேள்விக்கு உண்டு, இல்லை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மீதி ஆர்டரும் மீதி நேரமும் தெரிய வேண்டும்.

105 ஆர்டருக்கு 1,100, 120 ஆர்டருக்கு 1,800 என்று படிநிலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு 115 முடித்து, பதினொரு மணிக்குள் இன்னும் 5 தேவை என்றால் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆர்டர் பணம் 175, கூடுதல் இன்சென்டிவ் 700, 30 கிலோமீட்டருக்குச் செலவு 102. மூன்று மணி நேரத்துக்கு நிகரம் 773 ரூபாய், மணிக்கு ஏறக்குறைய 258. அதே எட்டு மணிக்கு 111தான் முடிந்திருந்தால் 9 ஆர்டர் வேண்டும். மணிக்கு இரண்டு ஆர்டர் வேகத்தில் ஆறுதான் முடியும், படி ஏறாது. அந்த ஆறு ஆர்டருக்குக் கிடைக்கும் 210 ரூபாயில் செலவு 122 போக மூன்று மணி நேரத்துக்கு 88 ரூபாய், மணிக்கு 29தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். கணக்குப் போடுமுன் இன்சென்டிவ் நிபந்தனையைப் படியுங்கள்: பீக் நேர லாகின் குறைந்தாலோ, மறுத்த ஆர்டர் வரம்பை மீறினாலோ எண்ணிக்கை எட்டியும் பணம் வராது.

இதே முறையில் மதிய நேரத்தையும் பார்க்கலாம். மூன்றிலிருந்து ஆறு வரை மணிக்கு ஓர் ஆர்டர்தான் வருகிறது என்றால் மணிக்கு நிற்பது 14 ரூபாய் 60 பைசா. வார இலக்குக்கு அந்த ஆர்டர்கள் தேவைப்படாத வாரத்தில் அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். மின்சார ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்க யோசித்தால் ஒப்பிட வேண்டிய தொகை 2,444: வார வாடகையும் சார்ஜ் செலவும் சேர்ந்து அதற்குக் கீழே இருந்து, சார்ஜுக்காக ஆர்டர் இழக்காமலும் இருந்தால் மட்டுமே மாறுவது உங்களுக்கு லாபம்.