தொலைந்த பார்சலுக்கு இழப்பீட்டுக் கடிதம்: கடைசி ஸ்கேனைப் பிடியுங்கள்

கேள்வி: பழைய கேமரா லென்ஸ் ஒன்றை விற்று, மார்ச் 3 அன்று கூரியரில் அனுப்பினேன். ரசீதில் மதிப்பு 18,500 என்று எழுதியிருக்கிறது. 22 நாள் ஆகிவிட்டது. டிராக்கிங்கில் தினமும் In Transit என்றே வருகிறது. போனில் கேட்டால் "விசாரணையில் இருக்கிறது, காத்திருங்கள்" என்கிறார்கள். வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதம் எப்படி எழுதுவது? (டிராக்கிங் பக்கத்தின் படமும் ரசீதும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: காத்திருக்க வேண்டாம், இன்றே எழுதுங்கள். போனில் கிடைத்த புகார் எண் வேறு, இழப்பீட்டுக் கோரிக்கை வேறு. கோரிக்கையை இத்தனை நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்தக் கெடு பெரும்பாலும் அனுப்பிய தேதியிலிருந்தோ, சேர வேண்டிய தேதியிலிருந்தோ ஓடத் தொடங்கிவிடும். விசாரணை நடப்பதால் அது நிற்காது.

முதலில் டிராக்கிங்கை நிதானமாகப் படியுங்கள். எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளது இது:

மார்ச் 3, 17:05: பெறப்பட்டது, எடை 1.24 கிலோ.
மார்ச் 4, 23:42: முதல் மையத்தில் ஸ்கேன், எடை 1.24 கிலோ.
மார்ச் 5, 02:10: பையில் சேர்க்கப்பட்டது.
மார்ச் 6, 05:30: பை சேருமிட மையத்தில் பெறப்பட்டது.
மார்ச் 7 முதல் தினமும்: In Transit.

மார்ச் 6 வரியைப் பார்த்தால் பார்சல் சேருமிட ஊர் வரை போய்விட்டதாகத் தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அன்று ஸ்கேன் ஆனது பையின் சீட்டு. ஒரு பைக்குள் பல பார்சல்கள் போகும். பையை ஸ்கேன் செய்தால் உள்ளே இருப்பதாகக் கணக்கில் உள்ள எல்லாப் பார்சலுக்கும் அதே வரி விழும், உங்கள் பார்சல் உண்மையில் உள்ளே இருந்ததா என்று யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 7-க்குப் பிறகு வருவதும் யாரும் கையால் தொட்டுப் பதிந்ததாகத் தெரியவில்லை: இடம் இல்லை, ஒரே நேரத்தில் ஒரே வாசகம். பையைத் திறந்து தனித்தனியாக எடுக்கும்போது விழ வேண்டிய ஸ்கேன்தான் இங்கே இல்லை.

ஆகவே உங்கள் பார்சல் எடை போடப்பட்டுத் தனியாகப் பதிவான கடைசி நேரம் மார்ச் 4, 23:42. கடிதத்தின் முதுகெலும்பு அந்த வரிதான். முழு எடையோடு பார்சல் அவர்கள் கையில் இருந்தது என்று அவர்கள் பதிவே சொல்கிறது. "நீங்கள் கொடுக்கவே இல்லை", "காலிப் பெட்டி" என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை. பக்கத்தைத் தேதியோடு இன்றே படமெடுத்து வையுங்கள். பழைய பதிவுகள் சில மாதங்களில் தளத்திலிருந்து போய்விடும்.

அடுத்தது மதிப்பு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ரசீதில் 18,500 என்று எழுதியிருப்பதாலேயே 18,500 வந்துவிடாது. அறிவித்த மதிப்பு என்பது உச்சவரம்பு. அதற்குள் உண்மையில் எவ்வளவு இழந்தீர்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அந்த வரம்பும் எல்லா ரசீதிலும் செல்லாது. மதிப்புக்கென்று தனிக் கட்டணம் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் ரசீதில் எடைக் கட்டணத்துக்குக் கீழே "மதிப்புக் கட்டணம்" என்று ஒரு தொகை இருக்கிறது. நல்லது. அது இல்லாவிட்டால் நிபந்தனையில் உள்ள சொற்பத் தொகையைத்தான் நீட்டுவார்கள்.

வெளிநாட்டுக்கு விமானத்தில் அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விமானச் சரக்குச் சீட்டில் மதிப்புக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று சுங்கத்துக்கு, இன்னொன்று ஏற்றிச்செல்வதற்கு. சுங்கக் கட்டத்தில் மட்டும் மதிப்பை நிரப்பிவிட்டு மற்றதில் NVD என்று விட்டால், மதிப்பு அறிவிக்கவில்லை என்றே பொருள். அப்போது 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் எடைக் கணக்குதான்: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. உங்கள் 1.24 கிலோவுக்கு அது சுமார் 32 எஸ்டிஆர்தான் வரும்.

உங்கள் இழப்புக்குச் சான்று விற்பனைதான்: விலை பேசிய செய்தி, பணம் வந்த பதிவு, திருப்பி அனுப்பிய பதிவு. மூன்றிலும் 18,500 என்று இருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். லென்ஸைப் புதிதாக வாங்கிய பில் இதைவிட அதிகமாக இருந்தாலும் அந்தத் தொகையைக் கேட்காதீர்கள். அறிவித்ததற்கு மேல் கேட்டால் மொத்தக் கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகும். அனுப்பிய கட்டணத்தை மட்டும் தனி வரியாகக் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும்:

> பொருள்: தொலைந்த பார்சலுக்கு இழப்பீடு கோருதல், ரசீது எண் ______
>
> மேற்கண்ட ரசீதின்படி மார்ச் 3 அன்று ஒரு கேமரா லென்ஸை (வரிசை எண் ______, எடை 1.24 கிலோ) உங்களிடம் ஒப்படைத்தேன். சேர வேண்டிய நாள் மார்ச் 7. இன்றுவரை சேரவில்லை.
>
> உங்கள் டிராக்கிங் பதிவின்படி பார்சல் மார்ச் 4, 23:42 மணிக்கு முதல் மையத்தில் 1.24 கிலோ எடையுடன் தனியாக ஸ்கேன் ஆகியிருக்கிறது. அதன்பின் பைக்கான பதிவுகள் மட்டுமே உள்ளன. மார்ச் 6 அன்று பை பெறப்பட்ட பிறகு பார்சலைத் தனியே எடுத்ததற்கோ, விநியோகத்துக்கு அனுப்பியதற்கோ பதிவு இல்லை. எனவே பார்சல் உங்கள் பொறுப்பில் இருந்தபோது தொலைந்ததாகக் கருதுகிறேன்.
>
> அறிவித்த மதிப்பு 18,500. அதற்கான மதிப்புக் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது. பொருள் அதே விலைக்கு விற்கப்பட்டு, சேராததால் பணம் திருப்பித் தரப்பட்டது.
>
> ஆகவே 18,500-ஐயும் அனுப்புகைக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் வழங்கக் கோருகிறேன். மறுப்பதானால், எந்த நிபந்தனையின்படி என்பதையும், அந்தப் பையின் உள்ளடக்கப் பட்டியலையும், பை திறந்தபோது எடுத்த கணக்கையும் எழுத்தில் தாருங்கள்.
>
> இணைப்பு: ரசீது, டிராக்கிங் படம், விற்பனை மற்றும் பணம் திருப்பியதற்கான சான்றுகள், பொருளின் படம்.

பைக் கணக்கைக் கேட்பது சும்மா மிரட்டலுக்கு அல்ல. பட்டியலில் உங்கள் எண் இருந்து, திறந்தபோது இல்லையென்றால், குறைந்ததை அவர்களே பதிந்திருப்பார்கள். அதைக் கேட்கத் தெரிந்தவரிடம் "இன்னும் தேடுகிறோம்" என்று இழுத்தடிப்பது கடினம்.

கடிதத்தில் அனுப்புநரான நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும், ஒப்பந்தம் உங்களோடுதான். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள்.

கடிதம் போன பிறகு நிலை திடீரென Delivered என்று மாறினால் பதறாதீர்கள். பெற்றவரின் கையெழுத்து, நேரம், முகவரி ஆகியவற்றோடு விநியோகச் சான்றைக் கேளுங்கள். பார்சல் வரவில்லை என்று வாங்கியவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி இணையுங்கள்.

பணம் தர முன்வந்தால் ஒரு படிவம் அனுப்புவார்கள். அதில் "முழுமையான, இறுதித் தீர்வாக" என்ற சொற்கள் இருக்கும். தொகை 18,500 என்றால் கையெழுத்திடுங்கள். குறைவு என்றால் கையெழுத்திடாமல், மீதியை எந்தக் காரணத்தால் கழித்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.